துளைக்குத் துளை சரி, தட்டில் தப்பு: 27°30′ சாய்கோட்டில் ஐந்து துளைகள்

ஒரு ஃபிக்ஸ்சர் தட்டு. அதன் மேல் சாய்வாக ஒரு கைடு ரெயில் உட்கார வேண்டும். துளைகளைப் போட்டு ரெயிலை வைத்தால், இரண்டு டவல் பின்னும் லேசான தட்டலில் இறங்கின. நடுவிலுள்ள இரண்டு போல்ட்டும் விரலாலேயே ஏறின. பார்த்தவர்கள் வேலை முடிந்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஃபிக்ஸ்சரை சைன் பிளேட்டில் 27°30′ சாய்த்து, இப்போது மட்டமாக இருக்க வேண்டிய ரெயிலின் மேல் டயலை ஓட்டியபோது, 140 மி.மீ. ஓட்டத்தில் முள் கிட்டத்தட்ட அரை மி.மீ. நகர்ந்தது.

துளைகளுக்கு இடையே எந்த அளவும் பிசகவில்லை. ஐந்து துளைகளும் கூட்டமாகச் சேர்ந்து தட்டின் மேல் திரும்பியிருந்தன. சாய்கோட்டின் வழியே தூரம் கொடுக்கும் ட்ராயிங்கில் இந்த வகைப் பிழைதான் கடைசிவரை கண்ணில் படாமல் தப்பிக்கும்.

ட்ராயிங் என்ன சொன்னது

தட்டு 190 × 120 மி.மீ., கனம் 16 மி.மீ. டேட்டம் மூலை கீழ் இடது மூலை. முதல் துளை மட்டும் அந்த மூலையிலிருந்து நேராக அளவிடப்பட்டிருந்தது: இடது விளிம்பிலிருந்து 30, கீழ் விளிம்பிலிருந்து 20. அதிலிருந்து கீழ் விளிம்புக்கு 27°30′ சாய்வில் மேல் வலதாக ஒரு மையக்கோடு. அந்தக் கோட்டின் வழியே அடுத்தடுத்து 42, 42, 58 என்று மூன்று துளைகள். ஐந்தாவது துளை கோட்டின் மேல் இல்லை. முதல் துளையிலிருந்து கோட்டின் வழியே 63 போய், அங்கிருந்து கோட்டுக்குச் செங்குத்தாக மேல் பக்கம் 18 தள்ளி இருக்கிறது. அது ஸ்டாப் பின்னுக்கானது.

1, 4, 5 ஆகிய துளைகள் 8 மி.மீ. டவலுக்கு எச்7 ரீமர் போட்டவை. 2, 3 ஆகியவை 6.8 டிரில் போட்டு எம்8 டேப் அடித்தவை. ரெயிலில் அந்த இரண்டுக்கும் 9 மி.மீ. விடுதுளை இருந்தது. ட்ராயிங்கில் தனியாக டாலரன்ஸ் எழுதவில்லை. டைட்டில் பிளாக்கில் ஐ.எஸ்.ஓ 2768-எம் என்று மட்டும் இருந்தது.

மில்லிங் மெஷினின் டி.ஆர்.ஓ.வுக்கு சாய்கோடு தெரியாது. X, Y மட்டும்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு துளையையும் மூலையிலிருந்து X, Y ஆக மாற்ற வேண்டும்.

கணக்கு

அடுத்தடுத்து கொடுத்த தூரங்களை முதலில் முதல் துளையிலிருந்து மொத்தத் தூரமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்: 42, 84, 142. இதைச் செய்யாமல் ஒவ்வொரு துளையையும் முந்தைய துளையின் X, Y-யிலிருந்து கணக்கிட்டாலும் பதில் வரும். ஆனால் நடுவில் ஒரு எண் தப்பினால் அதற்குப் பின்னால் வருகிற எல்லாமே தப்பும். மொத்தத் தூரத்திலிருந்து போனால் ஒவ்வொரு துளையும் தன் சொந்தக் கணக்கில் நிற்கும்.

கோட்டின் வழியே தூரம் s, கோட்டிலிருந்து செங்குத்தாக மேல் பக்கம் தள்ளிய தூரம் h, கோணம் θ என்றால்:

```
X = 30 + s·cos θ − h·sin θ
Y = 20 + s·sin θ + h·cos θ
```

27°30′ என்றால் 27.5 டிகிரி. sin 0.461749, cos 0.887011. இந்த ஆறு இலக்கங்களையும் கடைசிவரை வைத்திருக்க வேண்டும், அல்லது கால்குலேட்டரின் மெமரியில் போட்டுவிட வேண்டும். 0.46, 0.89 என்று சுருக்கிவிட்டால் நான்காவது துளை X-இல் 0.42, Y-இல் 0.25 மி.மீ. தள்ளிப்போகும். ரவுண்ட் செய்வது பதிலில் மட்டும், மூன்றாவது தசமத்தில்.

```
துளை   s     h     X         Y
1      0     0     30.000    20.000
2      42    0     67.254    39.393
3      84    0    104.509    58.787
4     142    0    155.956    85.568
5      63   18     77.570    65.056
```

எக்செல்லில் போடுகிறவர்கள் டிகிரியை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. `=30+142*COS(RADIANS(27.5))` என்று எழுத வேண்டும். ரேடியனாகக் கணக்கிட்டுவிட்டால் cos மைனஸில் வரும், துளை தட்டுக்கு வெளியே இடது பக்கம் போய்விடும். அந்தத் தப்பு தானாகவே சத்தம் போட்டுவிடும், பயப்படத் தேவையில்லை. கால்குலேட்டரில் sin 30 அடித்து 0.5 வருகிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பிப்பது போதும். sin, cos மாற்றிப் போடுவதும் அப்படித்தான்: கோணம் 45-க்குக் கீழே இருக்கும்போது X-இல் கூடுவது Y-இல் கூடுவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மாறிவிட்டது.

ஐந்தாவது துளைக்கு மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். கோடு மேல் வலதாக ஏறுகிறது; அதற்குச் செங்குத்தாக மேலே போனால் இடது பக்கமாகத்தான் சாய்ந்து போக வேண்டியிருக்கும். அதனால்தான் X-இல் 18 × 0.461749 = 8.311 கழிகிறது, Y-இல் 18 × 0.887011 = 15.966 கூடுகிறது. சரிபார்க்க, முதல் துளையிலிருந்து நேர்தூரம் √(63² + 18²) = 65.521 வர வேண்டும். X-இல் 47.570, Y-இல் 45.056 வைத்துப் போட்டால் அதுவேதான் வருகிறது. ஆனால் இந்தச் சரிபார்ப்புக்கு ஓர் ஓட்டை இருக்கிறது. இரண்டு குறியையும் சேர்த்து மாற்றிவிட்டால் துளை கோட்டின் கீழ்ப் பக்கம் போய்விடும், தூரம் மட்டும் அதே 65.521 ஆகவே நிற்கும். எந்தப் பக்கம் என்பதை எண் சொல்லாது, ட்ராயிங்கைப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

எங்கே திரும்பியது

தட்டைக் கீழ் விளிம்பு அடியில் இருக்கும்படி சர்பேஸ் பிளேட்டில் நிறுத்தி, ஆங்கிள் பிளேட்டில் கிளாம்ப் செய்து, 1, 4 ஆகிய துளைகளில் 8 மி.மீ. பின் போட்டு, ஹைட் கேஜில் பின்களின் உச்சி எடுக்கப்பட்டது. முதல் பின் 24.00. துளையின் 20, பின்னின் பாதி 4, கூட்டினால் சரி. நான்காவது பின் 89.568 இருக்க வேண்டிய இடத்தில் 89.13.

இரண்டின் வித்தியாசம் 65.13. இதை 142-ஆல் வகுத்து, கால்குலேட்டரில் தலைகீழ் sin எடுத்தால் 27.30 என்று திரையில் நின்றது. ட்ராயிங்கில் 27°30′. இதற்குமேல் விசாரிக்க எதுவும் இல்லை. முப்பது நிமிடத்தை அரை டிகிரியாக மாற்றாமல், புள்ளிக்குப் பின்னால் 30 என்று அடித்திருக்கிறார்கள். 27.30 டிகிரி என்பது 27°18′. 12 நிமிடம் குறைவு.

இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்றால், நிமிடமும் தசமமும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதும், வருகிற பதில் நம்பும்படியாக இருப்பதும்தான். தப்பான கணக்கில் நான்காவது துளை 156.184, 85.128 என்று வந்தது. சரியான இடத்திலிருந்து X-இல் 0.228 கூடுதல், Y-இல் 0.440 குறைவு. தட்டின் மேல் கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. எதிர்த்திசையிலும் இது நடக்கும்: 27.5° என்று எழுதிய ட்ராயிங்கை 27°50′ என்று படித்துவிட்டால் 20 நிமிடம் கூடிப்போகும். டிகிரி-நிமிடக் குறி உள்ள கால்குலேட்டர் பொத்தானைப் பயன்படுத்துவதே மேல். 27, பொத்தான், 30, பொத்தான் என்று அடித்தால் அதுவே 27.5 ஆக்கிக்கொள்ளும். பொத்தான் இல்லாவிட்டால் நிமிடத்தை 60-ஆல் வகுத்து எழுதி வைத்துவிட்டுத்தான் sin பக்கம் போக வேண்டும்.

ஐ.எஸ்.ஓ 2768-எம் பிரிவில் கோணத்துக்கான சலுகை, கோணத்தின் குட்டைப் பக்கத்தின் நீளத்தைப் பொறுத்தது. 120-க்கு மேல் 400 வரை ±10 நிமிடம். இங்கே குட்டைப் பக்கம் 142 மி.மீ. கோடு. பிழை 12 நிமிடம். ஆக, டைட்டில் பிளாக்கின் பொது டாலரன்ஸில்கூடத் தேறவில்லை. தேறியிருந்தாலும் ரெயிலுக்கு அது போதாது. 142 மி.மீ. தூரத்தில் 10 நிமிடம் என்றாலே 0.41 மி.மீ. ஆகிவிடும். சாய்வு வேலைக்கு வருகிற ட்ராயிங்கில் கோணத்துக்குத் தனி டாலரன்ஸ் இல்லையென்றால், வேலையைத் தொடங்குமுன் கேட்டுவிடுவதே நல்லது.

பரிசோதனை ஏன் பிடிக்கவில்லை

துளை போட்டவர் சரிபார்க்காமல் விடவில்லை. 1, 4 துளைகளில் பின் போட்டு வெர்னியரில் வெளியே பிடித்தார்: 150.00. பின்னின் 8 கழித்தால் 142. நடுத்துளைகளும் அப்படியே தேறின. கோணம் எதுவாக இருந்தாலும் இந்த எண் மாறாது. கோட்டின் வழியே 142 போட்டுவிட்டு அதே 142-ஐ அளப்பதால், கணக்கில் போட்ட கோணம் அளவில் வரவே வராது. ரெயிலும் இதே காரணத்தால்தான் கச்சிதமாக உட்கார்ந்தது. ரெயிலுக்கும் விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது.

ஆகவே சாய்கோட்டுத் துளையில் ஒரு அளவாவது கோட்டுக்கு வெளியே, டேட்டம் விளிம்பிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். அதுவும் முதல் துளையிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் துளையில். இரண்டாவது துளையில் இந்த 12 நிமிடம் 0.15 மி.மீ.தான் காட்டும், நான்காவதில் 0.50 காட்டும்.

பிழை எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். எல்லாத் துளைகளும் ஒரே அளவில் ஒரே பக்கம் தள்ளியிருந்தால் மூலையைப் பிடித்ததில் தப்பு. உதாரணமாக 10 மி.மீ. எட்ஜ் ஃபைண்டர் விளிம்பைத் தொட்டு விலகும் இடத்தில் ஸ்பிண்டில் மையம் விளிம்புக்கு 5 மி.மீ. வெளியே இருக்கும். அந்த இடத்தில் டி.ஆர்.ஓ.வில் −5 போட வேண்டும். பூஜ்யம் போட்டால் முழுக் கூட்டமும் 5 மி.மீ. நகரும். முதல் துளை சரியாக இருந்து, தூரம் கூடக்கூட கோட்டுக்குக் குறுக்காகப் பிழை வளர்ந்தால் அது கோணம். கோட்டின் வழியாகவே பிழை இருந்தால், தூரங்களைக் கூட்டியதில் கோளாறு. பெரும்பாலும் அடுத்தடுத்த தூரத்தை மொத்தத் தூரமாக எடுத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது கோடு விளிம்பைத் தொடும் இடத்திலிருந்து கொடுத்த தூரத்தை முதல் துளையிலிருந்து கணக்கிட்டிருப்பார்கள்.

இந்தக் கடைசிக் குழப்பத்தை ஒரு எண்ணோடு சொல்லிவிடலாம். இதே கோட்டைப் பின்னால் நீட்டினால் இடது விளிம்பை 20 − 30 × tan 27.5° = 4.383 உயரத்தில் தொடும். அங்கிருந்து முதல் துளைக்குக் கோட்டின் வழியே 30 ÷ cos 27.5° = 33.821. சில ட்ராயிங்கில் 4.38-ம் 33.82-ம் மட்டுமே இருக்கும், 30-ம் 20-ம் இருக்காது. அப்போது சூத்திரத்தில் 30, 20 இருக்கும் இடத்தில் 0, 4.383 போட்டு, s-ஐ விளிம்பிலிருந்து எண்ணினால் எல்லாம் அதே இடத்தில் வந்து விழும். தொடக்கப் புள்ளியும் தூரமும் ஒரே இடத்தைச் சேர்ந்தவையா என்பதே கேள்வி.

கணக்கு சரியாக இருந்தும் திரும்பலாம்

கோணத்தைச் சரியாக அடித்துவிட்டால் மட்டும் போதாது. ட்ராயிங் 27°30′-ஐக் கீழ் விளிம்பிலிருந்து கொடுத்திருக்கிறது. ஆகவே மெஷினில் X ஓட்டத்துக்கு இணையாக டயல் போட வேண்டியது கீழ் விளிம்பைத்தான். வைஸின் நிலைத் தாடையில் கீழ் விளிம்பு படும்படி பிடித்தால் இது தானாகவே அமையும். வசதிக்காக இடது விளிம்பை Y-க்கு டயல் போட்டுவிட்டு, அந்த விளிம்பு கீழ் விளிம்புக்கு முழு ஸ்கொயரில் இல்லையென்றால், அந்தப் பிழை அப்படியே கோணத்தில் போய்ச் சேரும். 120 மி.மீ. உயரத்தில் 0.1 மி.மீ. ஸ்கொயர் தப்பினால், அது கிட்டத்தட்ட 3 நிமிடம். நான்காவது துளையில் அது 0.12 மி.மீ. ஆகிவிடும். அறுத்து வந்த தட்டில் 0.1 என்பது ஒன்றுமே இல்லை.

ஸ்கொயர் இல்லாத தட்டில் இடது விளிம்பை எந்த உயரத்தில் தொடுகிறோம் என்பதும் X பூஜ்யத்தை மாற்றும். இந்தத் தட்டில் முதல் துளையின் உயரத்தில், அதாவது Y 20 பக்கத்தில் தொடுவதுதான் நியாயம். ட்ராயிங்கின் 30 அங்கேதான் அளக்கப்படும். மூலையை நேரடியாகத் தொட்டுப் பிடிக்க முயல்வது வீண். பர் எடுத்த மூலையில் சேம்ஃபர் இருக்கும். அங்கே தொட்டால் அது விளிம்பு ஆகாது.

சி.என்.சி. மெஷினாக இருந்தால் மேலே போட்ட கணக்கே தேவையில்லை. கோட்டைப் படுக்கையாக வைத்து எழுதிவிட்டு, கன்ட்ரோலரையே திருப்பச் சொல்லலாம். ஃபானக் வகைக் கன்ட்ரோலில் சென்டர் டிரில் போடும் பகுதி இப்படி இருக்கும்:

```
G90 G17 G54
G68 X30. Y20. R27.5
G81 X30. Y20. Z-4. R2. F80
X72.
X114.
X172.
X93. Y38.
G80
G69
```

முதல் துளையை மையமாக வைத்து G68 திருப்புகிறது. 72, 114, 172 என்பவை வெறும் 30-உடன் 42, 84, 142 கூட்டியவை. ஐந்தாவது 30 + 63, 20 + 18. ட்ராயிங்கோடு வரிக்கு வரி ஒப்பிடலாம் என்பதே இதன் பெரிய லாபம். ஆனால் R-க்குப் பின்னால் வருவது தசம டிகிரி. இங்கே R27.30 என்று அடித்தால் அதே 12 நிமிடம் இங்கேயும் வந்து உட்காரும். G81 வரியில் வரும் R வேறு, அது Z-இல் டிரில் இறங்கத் தொடங்கும் உயரம். G69 மறந்தால் அடுத்து வரும் ஓட்டமும் திரும்பிய அச்சில்தான் ஓடும், அங்கே டூல் கிளாம்பில் மோதலாம்.

அந்தத் தட்டை என்ன செய்தார்கள்

முதலில் தோன்றிய யோசனை கீழ் விளிம்பையே மறுபடி மில் செய்து 12 நிமிடம் திருப்பிவிடுவது. துளைக் கூட்டம் தனக்குள் சரியாக இருப்பதால் இது அழகான வழியாகத்தான் தெரியும். கோணம் கூட வேண்டும் என்பதால் வலது முனையை விட்டுவிட்டு இடது முனையில் 0.66 மி.மீ. எடுக்க வேண்டியிருக்கும். அப்போது முதல் துளையின் கீழே 0.56 மி.மீ. குறைந்துபோகும், 20 என்பது 19.44 ஆகும். 2768-எம் படி 20-க்கு ±0.2 தான். அந்த வழி மூடியது.

2, 3 ஆகியவற்றைத் தொடவே தேவையில்லை. அவை முறையே 0.15, 0.29 மி.மீ. தள்ளியிருந்தன. ரெயிலின் 9 மி.மீ. துளையில் எம்8 போல்ட்டுக்குச் சுற்றிலும் அரை மி.மீ. இடம் இருக்கிறது. ரெயிலின் இடத்தை முடிவு செய்வது டவல்கள்தான். போல்ட் இறுக்கிப் பிடிக்க மட்டும். ஆகவே நான்காவதும் ஐந்தாவதும்தான் திருத்த வேண்டியவை.

தட்டின் கீழ் விளிம்பை டயல் போட்டு, முதல் துளையைச் சுற்றி லீவர் டயலை ஓட்டி மையம் பிடித்து, டி.ஆர்.ஓ.வில் X 30.000, Y 20.000 போடப்பட்டது. பிறகு 155.956, 85.568-க்கு நகர்ந்தால் பழைய துளை ஸ்பிண்டிலுக்கு அடியில் சற்று வலதாகவும் கீழாகவும் தெரியும். இங்கே டிரில் போடக் கூடாது. டிரில் பழைய துளையைத் தேடிக்கொண்டு போகும், மறுபடி பழைய மையத்துக்கே இழுத்துவிடும். 10 மி.மீ. எண்ட் மில்லை மெதுவாக இறக்க வேண்டும். பழைய துளையின் மிகத் தள்ளிய ஓரம் புதிய மையத்திலிருந்து 4 + 0.496 = 4.496, எண்ட் மில்லின் ஆரம் 5. ஆகப் பழைய துளை முழுவதும் கரைந்துவிடும். பிறகு போரிங் ஹெட்டில் 12 மி.மீ.

தட்டைக் கழற்றாமலே, வழுக்கி இறங்கும் அளவில் கடைந்த திடமான 12 மி.மீ. ஸ்டீல் பிளக் ரிடெய்னிங் பசையோடு அதில் வைக்கப்பட்டது. பசை இறுகிய பின் அதே X, Y-யில் சென்டர் டிரில், 7.8 டிரில், 8 எச்7 ரீமர். ஏற்கெனவே துளையிட்ட புஷ்ஷை வைத்திருந்தால் புஷ்ஷின் உள்-வெளி மையப் பிழையும் சேர்ந்திருக்கும். திடமான பிளக்கில் அது இல்லை. ஐந்தாவது துளை 0.23 தள்ளியிருந்தது. அதற்கும் 77.570, 65.056-இல் இதே வேலை.

முடிந்ததும் மறுபடி தட்டை நிறுத்தி மூன்று பின்களின் உச்சியும் எடுக்கப்பட்டது: 24.00, 89.57, 69.06. தட்டை இடது விளிம்பில் நிறுத்தினால் 34.00, 159.96, 81.57 வர வேண்டும், வந்தது. ரெயிலை ஏற்றி, 100 மி.மீ. சைன் பிளேட்டின் கீழ் 46.175 ஸ்லிப் கேஜ் அடுக்கு வைத்து டயலை ஓட்டியபோது, 140 மி.மீ.யில் முள் 0.01-க்குள் நின்றது.